படம் போகவில்லை, பதில் மட்டும் வந்தது!

அடையாறில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், 'இந்தக் கத்தரி இலையில் என்ன நோய்?' என்று செல்போனில் ஏ.ஐ. சாட் செயலியிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை. கேள்வி மட்டும் போகிறது. ஆனாலும், 'இலையில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. இது இலைப்புள்ளி நோய்' என்று பதில் வரலாம்.

அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே இந்தச் செயலி எழுதுகிறது. இப்படியான கேள்விக்குப் பின் இலையின் வர்ணனை வருவதைத்தான் அது படித்துப் பழகியிருக்கிறது. 'கத்தரி', 'நோய்' என்ற சொற்களே அதற்குப் போதும்.

எனவே, மருந்து வாங்கும் முன், 'செடிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?' என்று நீங்கள் சொல்லாத விவரத்தைக் கேளுங்கள். பதில் தவறினால், நோயின் பெயரையும் நம்பாதீர்கள். பழைய உரையாடலில் தொடர்ந்தால், முன்பு சொன்னதையே பிடித்துக்கொள்ளக்கூடும். புதிய உரையாடலில், படம் ஏறியதைப் பார்த்த பிறகு கேளுங்கள்.