வராத நாய்க்குட்டிக்கு மூன்று கட்டணம்!

போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு லேப்ரடார் குட்டி வர இருந்தது. வரவேயில்லை. ஏன் என்று சொல்கிறேன், நீங்களும் தெரிஞ்சுக்கோங்க.

அப்பா போனில் ஒரு விளம்பரம். 30 நாள் குட்டி, விலை 4,000 ரூபாய். எங்க ஊரில் விசாரிச்சப்ப எல்லாரும் பத்தாயிரத்துக்கு மேலே சொன்னாங்க. இது ரொம்ப மலிவா இருக்கேன்னு கேட்டதுக்கு அந்த ஆள், "நான் மிலிட்டரியில் இருக்கேன் சார், பெங்களூரிலிருந்து மாற்றல். நல்ல வீடு கிடைச்சாப் போதும்" என்றார். அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். அப்பா நம்பிட்டார். நான் குட்டிக்குப் பெயரே வெச்சுட்டேன்.

முதல் கட்டணம்: அட்வான்ஸ் 1,000 ரூபாய். "நிறைய பேர் கேக்குறாங்க, உடனே போட்டாத்தான் உங்களுக்கு" என்றார்.

இரண்டாவது: மறுநாள் வேறு ஒருவர், வண்டி கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். டெலிவரி சார்ஜ் 1,800 ரூபாய்.

மூன்றாவது: அன்று சாயங்காலமே, "குட்டி பாதி வழியில் நிக்குது. ஏ.சி. கூண்டுக்கும் இன்சூரன்சுக்கும் 4,500 கட்டணும். குட்டி கைக்கு வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்றார்கள். கட்டாவிட்டால் குட்டி பட்டினி கிடக்கும், உங்க மேல் கேஸ் வரும் என்று மிரட்டலும் வந்தது.

அப்போதுதான் அண்ணன் கணக்குப் போட்டான். குட்டி விலையே 4,000. கூண்டுக்கு 4,500ஆ?

இதுதான் இந்த ஏமாற்று வேலையின் சூட்சுமம். முதலில் கேட்கும் ஆயிரம் ரூபாய் தூண்டில் புழு மாதிரி. அதைக் கட்டியதும், "இவ்வளவு கட்டிட்டோமே, விட்டா அதுவும் போயிடுமே" என்று மனசு அடுத்த தொகையையும் கட்டச் சொல்லும். "திருப்பித் தருவோம்" என்ற வார்த்தை அதற்காகத்தான். நாம் நிறுத்தும்வரை புதுப்புதுக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். விற்பவரும் வண்டிக்காரரும் ஒரே கூட்டம்தான்.

அண்ணன் ஒரு சோதனை வைத்தான். "இன்றைய தேதியையும் எங்க அப்பா பெயரையும் ஒரு தாளில் எழுதி, குட்டி பக்கத்தில் வைத்து வீடியோ காலில் காட்டுங்க" என்றான். கேமரா ரிப்பேர் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. குட்டியின் படத்தை கூகுள் லென்சில் போட்டுத் தேடினால், அதே படம் வேறு ஊர், வேறு விலையில் இன்னொரு விளம்பரத்தில் இருந்தது!

இன்னொன்றும் பின்னாடிதான் தெரிந்தது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "30 நாள் குட்டி" என்ற வரியிலேயே நாங்கள் சந்தேகப்பட்டிருக்கணும்.

இது நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பாசெட் ஹவுண்ட் குட்டி விற்பதாகப் போலி வலைத்தளங்கள் நடத்தியதாக, கேமரூன் நாட்டு ஆள் ஒருவர் மீது 2022இல் கூகுள் நிறுவனமே வழக்குப் போட்டது.

எங்களுக்குப் போனது 2,800 ரூபாய். அப்பா வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் 1930க்கு போன் செய்தோம். அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். 1930 என்பது சைபர் மோசடிப் புகார் எண். cybercrime.gov.in தளத்திலும் புகார் எழுதலாம். பணம் போன உடனே சொன்னால், அது அடுத்த கணக்குக்குப் போகுமுன் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய ரசீது எண், அவர்களின் போன் எண், பேசிய மெசேஜ் எதையும் அழிச்சுடாதீங்க.

இன்னும் ஒரு எச்சரிக்கை: "உங்க பணத்தைத் திருப்பித் தர்றோம், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று போன் வந்தால் நம்பாதீங்க. நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம்ம பணம்தான் போகும்.

நேரில் போங்க, குட்டியையும் தாய் நாயையும் பாருங்க, தடுப்பூசி அட்டையைக் கேளுங்க, பிறகு பணம் கொடுங்க. போகவே முடியாத தூரம் என்றால் அந்தக் குட்டி வேண்டாம்.

இப்போ எங்க வீட்டில் மணி இருக்கிறான். எங்க தெருமுனையில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. டெலிவரி சார்ஜ்? நான் தூக்கிட்டு வந்த ஐம்பது அடிதான்!

— 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு