குங்குமத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கம்பம் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு கடந்து எருமேலிக்குச் செல்லும் தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் பலர். எருமேலியில் பேட்டை துள்ளும்போது முகமெங்கும் வர்ணப்பொடி பூசிக்கொள்வது மரபு. 2025 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், ரசாயனக் குங்குமத்தை எருமேலியிலும் பம்பையிலும் விற்கக்கூடாதென்று தடை விதித்தது. குங்குமத்திலே ரசாயனமா என்று கேட்போர் உண்டு. உண்மையில், நல்ல குங்குமமும் ஒரு ரசாயன மாற்றத்தால் பிறந்ததுதான். வேறுபாடு, அந்தச் சிவப்பு எதிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

ஆரத்தி சுற்றுவதற்கு நீர் கரைப்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் அது செக்கச் சிவக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரப் பொருளைச் சேர்ந்தால் சிவக்கும். புளிப்பைச் சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் கறை படிந்த துணியில் சவர்க்காரம் பட்டதும் கறை சிவப்பதும் இதனாலேயே. மஞ்சள்தூளுடன் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து செய்யும் குங்குமத்தின் அடிப்படை இதுவே. மற்றொரு பழைய முறையில், மஞ்சள் கிழங்குத் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் வெங்காரமும் படிகாரமும் சேர்த்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலிப்பார்கள். அதில் குர்குமின் வெங்காரத்தோடு இணைந்து வேறொரு சிவப்புப் பொருளாகிறது. எம்முறையில் செய்தாலும் நிறம் சற்று மங்கிய செங்கல் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். வெயில் பட்டால் வெளுக்கும்.

கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பொடி மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதில் மஞ்சள் இருப்பது அரிது. மாவு அல்லது முகப்பவுடர் செய்யும் மாக்கல் தூளில் செயற்கைச் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். சாயங்களில் உணவுக்கும் ஒப்பனைக்கும் தகுந்தவை உண்டு. துணிக்கும் மெழுகுக்கும் மட்டுமே உரியவையும் உண்டு. சூடான் வகைச் சாயங்கள் பின்னதைச் சேர்ந்தவை. இவை தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் குங்குமத்தால் தோல் அழற்சி கண்ட 46 பேரை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

தோல் பாதிக்கப்படும் விதம் இரண்டு. சுண்ணாம்பு மிகுந்த பொடியை இட்டால் உடனே எரியும், கழுவினால் தணியும். இது கார அரிப்பு. நல்ல மஞ்சளில் செய்த குங்குமத்திலும் கைப்பக்குவம் தவறினால் இது நேரலாம். ஒவ்வாமை அப்படியன்று. இட்ட ஓரிரு நாட்களுக்குப் பின்னரே தினவெடுத்து, தடித்து, நீர் கசியும். பல வருஷங்கள் ஒரே குங்குமத்தை இட்டவருக்கும் ஒருநாள் இது தொடங்கலாம். சிலருக்குத் தினவே இராது. பொட்டு இட்ட இடம் மெல்லக் கறுக்கும். இதனைக் கண்டு மேலும் பெரிதாகப் பொட்டிட்டு மறைப்போர் உண்டு. அது தீயை எண்ணெய் ஊற்றி அணைப்பது போலாகும். வாசனைத் தைலம் கலந்திருந்தால் அதுவும் காரணமாகலாம்.

சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சுண்ணாம்பு சேர்த்த மஞ்சள் குங்குமம் மஞ்சளை நோக்கித் திரும்பும். சாயப்பொடி சிவப்பாகவே நிற்கும். வெங்காரம் சேர்த்துச் செய்தது எளிதில் மாறாது. ஆகையால் மாறாததெல்லாம் போலியல்ல. மஞ்சளோடு சாயத்தையும் கலந்திருந்தால் இச்சோதனை ஏமாற்றிவிடும். இன்னொரு சிட்டிகையைத் தேங்காயெண்ணெயில் கலக்கித் தெளியவிட்டால், எண்ணெய் பளிச்சென்ற செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஏறுமானால் எண்ணெயில் கரையும் சாயத்தைச் சந்தேகிக்கலாம். தோல் ஏற்குமா என்பதை அறிய, முழங்கையின் உட்புறத்தில் நாளொன்றுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பார்க்க வேண்டும், ஒருநாள் போதாது. முன்பே புண்ணானவர்கள் இதனைத் தாமே செய்யாமல், தாம் இடும் பொடியையே ஒரு பொட்டலத்தில் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நலம். அதை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்.

வகிட்டில் இடும் சிந்தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். வட இந்திய வழக்கான இது இன்று எங்கும் கிடைக்கிறது. அதன் பழைய மூலப்பொருள்களில் ஈயச் செந்தூரமும், பாதரசம் சேர்ந்த சாதிலிங்கமும் உண்டு. ஈயம் தோலில் எரிச்சல் தராமலே தீங்கு செய்வது. விரலில் ஒட்டியது குழந்தையின் வாய்க்குப் போவதே பெரும் அபாயம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இந்தியாவில் வாங்கியவற்றுள் நூற்றுக்கு 43, அமெரிக்க அரசு ஒப்பனைச் சாயங்களுக்கு வகுத்த ஈய வரம்பைத் தாண்டியிருந்தன. எலுமிச்சையோ எண்ணெயோ இதனைக் காட்டாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் காட்டும்.