மாதக் கணக்கு – 9: தீபாவளிக்கும் தீபத்துக்கும் நடுவே

சென்ற வாரம் ஒன்றாம் தேதிச் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் எப்படிக் கரைகிறது என்று பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வாடகை முன்பணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் திருவண்ணாமலைக் காலண்டர் என்னை இழுத்துக்கொண்டது.

கிரிவலப் பாதையில் பூவும் கற்பூரமும் விற்கும் வீட்டில் சம்பள நாள் பௌர்ணமிதான். போனஸ் கார்த்திகை தீபம். பெருஞ்செலவு தீபாவளி. தீபாவளிக்குக் கடன் வாங்கி, தீபத்தில் அடைப்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள்? 2021இல் 15, 2022இல் 43, 2023இல் 14, 2024இல் 43, 2025இல் 44. ஒன்று இரண்டு வாரம், இல்லையேல் ஆறு வாரம். நடுத்தரமே கிடையாது!

காரணம் எளிது. தீபாவளி ஐப்பசிப் பிற்பாதியில் வந்தால், அடுத்த பௌர்ணமி கார்த்திகையில் விழும், அதுவே தீபம். தீபாவளி முன்னதாக வந்தால் அந்தப் பௌர்ணமியும் ஐப்பசியிலேயே முடிந்துவிடும். அன்னாபிஷேகம் நடக்கும், தீபத்துக்கு இன்னொரு பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும்.

பணத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் தீபாவளிக்கு 20,000 ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறது. அதாவது மாதம் 600. வண்டிக்கடனும் குழுக்கடனுமாக ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் 6,000 போகிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12, தீபம் நவம்பர் 26. இடையில் ஐந்தாம் தேதியே வரவில்லை. ஒரு மாத வட்டியோடு கடன் முடிந்தது. 2024இல் அக்டோபர் 31க்கும் டிசம்பர் 13க்கும் நடுவே இரண்டு ஐந்தாம் தேதிகள். தவணை 12,000, வட்டி 1,200. நவம்பர் 15 பௌர்ணமி வரும்படி தவணைக்கே போய்விடும்; அசல் அப்படியே நிற்கும். கடை நன்றாகத்தான் ஓடியது, காலண்டர்தான் காலை வாரியது.

தவணைக்கு ஞாயிறும் விடுமுறை இல்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் வங்கிகளின் தானியங்கிப் பிடித்தம் எல்லா நாளும் நடக்கிறது. 2025 அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி மறுநாள் இரவு. கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார். பாஸ்புக்கில் ஒரே வாரத்தில் இரண்டு சிறு கழிவுகள் தெரிந்தால், காரணம் அதுவாக இருக்கலாம்.

கடன் வாங்கும்போதே தவணைத் தேதியைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மாற்றுவது கடன் கொடுத்தவர் விருப்பம். ஆனால் பௌர்ணமி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2025 ஜனவரியில் 13ஆம் தேதி இருந்தது, 2026 ஜனவரியில் 3ஆம் தேதி. ஆகவே எந்தத் தேதியும் நிரந்தரமாகப் பொருந்தாது; ஒரு தவணைப் பணம் எப்போதும் கணக்கில் கிடக்க வேண்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8. அது ஐப்பசிப் பிற்பாதி, ஆகவே இரண்டு வார ஆண்டு. கடன் வாங்குபவர்களுக்கு நல்ல வருடம். வாடகை முன்பணம் அடுத்த வாரம், கட்டாயம்.