கல்லாவில் இல்லாத லாபம்

(டீக்கடை அண்ணாச்சிக்கு அவருடைய கணக்கர் எழுதிய கடிதம்)

அண்ணாச்சி,

"வியாபாரம் நல்லாத்தான் ஓடுது, பால்காரருக்குக் கொடுக்கக் காசில்லையே, யாராவது கல்லாவுல கை வைக்கிறாங்களா?" என்று கேட்டீர்கள். மூன்று மாத நோட்டையும் பில்களையும் பார்த்துவிட்டேன். யாரும் கை வைக்கவில்லை. மாஸ்டர் மேல் உள்ள சந்தேகத்தை விடுங்கள். செலவெல்லாம் போக நாளுக்குச் சுமார் 700 ரூபாய் நிற்கிறது.

எதிர்க் கட்டடத்து மூன்று ஆபீஸுக்கும் தினம் 900 ரூபாய்க்கு டீ, வடை போகிறது. அடுத்த மாதம் 10ஆம் தேதிதான் பணம் தருகிறார்கள். மாதத்தில் 26 வேலை நாள், அது 23,400. பணம் வருவதற்குள் புது மாதத்திலும் எட்டு நாள் ஓடிவிடும், அது 7,200. ஆக 9ஆம் தேதி இரவு உங்கள் பணம் 30,600 ரூபாய் அவர்களிடம் நிற்கிறது. அந்த டீக்கான பாலுக்கோ நீங்கள் அன்றன்றே காசு கொடுத்தாயிற்று. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கு முந்தின வாரம்தான் நீங்கள் திண்டாடுகிறீர்கள், நோட்டிலேயே தெரிகிறது.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று அடுக்கிய பிஸ்கட், டீத்தூள் 15,000. மளிகைக்குத் தர வேண்டியது 6,000. கூட்டிக் கழித்தால் 39,600. இப்படிக் கடை ஓடுவதற்காகக் கடனிலும் சரக்கிலும் சிக்கிக் கிடக்கும் பணத்தைத்தான் நடைமுறை மூலதனம் என்கிறோம்.

இந்தப் பள்ளத்தை அடைக்கத் தண்டல் எடுத்திருக்கிறீர்கள். 20,000 என்று எழுதி, கையில் 17,000. தினம் 200, நூறு நாள். 3,000தானே என்று தோன்றும். தினமும் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக அதில் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. 700இல் தண்டலுக்கு 200, வீட்டுக்கு 500. கல்லாவில் என்ன மிஞ்சும்?

ஆபீஸ்களிடம் சனிக்கிழமைதோறும் கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். அப்போது வெளியே நிற்பது அதிகபட்சம் 5,400. சுமார் 25,000 ரூபாய் கைக்கு வரும். அது ஒரே தடவை வரும் பணம், வருமானமில்லை. சீட்டுக்கோ நகைக்கோ எடுத்தால் திரும்பத் தண்டல்தான். பெரிய ஆபீஸில் செக் மேலிடத்திலிருந்து வர வேண்டும் என்பார்கள். அங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேளுங்கள். தண்டலை முன்கூட்டி அடைத்தாலும் பெரும்பாலும் வட்டியைக் குறைக்க மாட்டார்கள். ஆகவே அது தானாக முடியட்டும், புதிதாக எடுக்காதீர்கள்.

மாற்றலாகிப் போனவர் பாக்கி 2,800ஐ அடித்துவிடுங்கள், அது வராது. மற்றவர்களிடம் இந்தச் சனிக்கிழமையே பேச்சை ஆரம்பியுங்கள், சின்ன ஆபீஸிலிருந்து.