பதினான்காம் நம்பர் சேலை யாருக்கு?

விசைத்தறிச் சேலையை நேரலையில் விற்பது ஒரு வேலை, கைத்தறிச் சேலையை விற்பது முற்றிலும் வேறு வேலை. விசைத்தறியில் ஒரே டிசைனில், ஒரே கலரில் கட்டுக்கட்டாகச் சரக்கு இருக்கும். ஐம்பது பேர் கேட்டாலும் ஐம்பது பேருக்கும் அனுப்பலாம். கைத்தறியில் பெரும்பாலும் கையில் இருப்பது ஒன்றுதான். ஒரே பாவில் அடுத்தடுத்து நெய்த சேலைகளாக இருந்தாலும், ஊடை நூலின் நிறம் மாறியிருக்கும், முந்தானை மாறியிருக்கும். காட்டுவது, ஆர்டர் எடுப்பது, பணம் வாங்குவது எல்லாவற்றிலும் சிக்கல் இந்த 'ஒரே ஒரு சேலை'யிலிருந்துதான் கிளம்புகிறது.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பருத்திச் சேலை இது. அகலமான கரை, கட்டம் அல்லது கோடு, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்கள். நேரில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அந்த நிறங்கள்தான் செல்போன் கேமராவை அதிகம் ஏமாற்றுகின்றன. எது வெள்ளை என்பதைக் கேமரா தானாகவே ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. திரை முழுவதையும் அரக்குச் சேலை அடைத்துவிட்டால் அந்த ஊகம் தப்பிவிடும். அரக்கு வெளிறும், கடுகு மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பின்னால் வெள்ளைச் சுவரோ ஒரு வெள்ளை வேட்டியோ எப்போதும் திரையில் தெரியும்படி நின்றால் போதும், நிறம் ஓரளவு நிலைக்கும். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் ஒரே சேலையின் இடப்பக்கம் ஒரு நிறமாகவும் வலப்பக்கம் வேறு நிறமாகவும் தெரியும். காலை பத்து, பதினொரு மணிக்கு நேர்வெயில் படாத ஜன்னலோரம் நல்ல இடம். ஆரம்பிக்கும் முன் இன்னொரு போனில் அதே நேரலையைத் திறந்து, சேலையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தை வாயாலும் சொல்ல வேண்டும். 'மெரூன்' என்றால் ஆளுக்கொரு மெரூன் மனதில் வரும். அரக்கு, மாம்பழக் கலர், ராமர் பச்சை, கத்திரிப்பூ, எம்.எஸ். புளூ என்று சொன்னால் சேலை கட்டும் பெண்களுக்கு உடனே பிடிபடும்.

காட்டும் வரிசையும் முக்கியம். முந்தானையை முதலில் விரித்து, பிறகு உடலை, பிறகு இரண்டு கரைகளையும் காட்டி, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்று சொல்லி, கடைசியில் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். சேலை நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கையோடு ஆறேகால் மீட்டரா என்பதை ஒவ்வொரு சேலைக்கும் சொல்லிவிடுவது நல்லது. கேமராவைக் கரையோரம் கொண்டுபோனால், நெய்யும்போது துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசிமுனை பட்ட சிறு துளைகள் தெரியும். கைத்தறி என்பதற்கு அவை ஒரு அடையாளம். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால், முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். ஊடை நூல் தீர்ந்து புதுத் தார் மாட்டிய இடத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும், எங்காவது ஒரு முடிச்சு நிற்கும். இவற்றையும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஆனால் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் கைத்தறியின் இயல்பு அல்ல. அவை இருக்கும் சேலையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

இனி ஆர்டர். ஒரு நேரலையில் முப்பது சேலை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 30 வரை நம்பர்ச் சீட்டு. பதினான்காம் நம்பர், அரக்கு உடம்பில் மாம்பழக் கலர் கரை, விலை 1,450 ரூபாய். விரித்ததுமே மூன்று பேர் கமெண்டில் "14 எனக்கு" என்று எழுதுகிறார்கள். முதலில் எழுதியது யார்? இதற்குக் கமெண்டை நம்ப முடியாது. படம் ஒவ்வொருவருக்கும் சில நொடி தாமதத்தோடு போகிறது, நெட் வேகத்தைப் பொறுத்து அந்தத் தாமதமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் திரையில் முதலில் தெரிகிற பெயர் இன்னொருவர் திரையில் இரண்டாவதாக இருக்கும். "நான்தான்க்கா முதல்ல போட்டேன்" என்ற சண்டை இங்கேதான் பிறக்கிறது.

அதனால் பழகிய விற்பனையாளர்கள் கமெண்டை விசாரிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். நம்பர்ச் சீட்டு தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவதுதான் ஆர்டர். விற்பவரின் போனில் எந்தச் செய்தி முதலில் வந்து விழுந்ததோ அவருக்கே சேலை. இந்த விதியை ஆரம்பத்திலும் நடுவிலும் சொல்ல வேண்டும். இந்தப் போனைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். சேலை காட்டுகிறவரே பார்க்க முயன்றால் இரண்டும் கெடும். போன் பார்க்கிறவர் ஒரு நோட்டில் '14 – மதுரை அக்கா – 11.20' என்று எழுதி, அடுத்து வந்த இருவரையும் அதே வரியில் குறித்துக்கொள்வார். முதல்வருக்குப் பதினைந்து நிமிடம் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் இரண்டாமவருக்கு. ஒரே சேலைதான் இருக்கிறது என்பதால் "நாளைக்குப் போடுறேன்" என்பதை ஏற்றால் மூன்று பேரையும் இழக்க நேரும். நேரலை பதிவாகத் தங்கிவிடும் என்பதால், விற்றுப்போன நம்பர்களை முடிந்தவுடன் அதன் கீழே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் முழுக்க பதினான்கைக் கேட்டுச் செய்தி வந்துகொண்டே இருக்கும்.

பணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வாடிக்கையாளர் அனுப்பும் யுபிஐ ஸ்க்ரீன்ஷாட், பணம் வந்ததற்குச் சாட்சி அல்ல. அதைப் போலியாகச் செய்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கிலோ உங்கள் ஆப்பின் வரவுப் பட்டியலிலோ 1,450 ரூபாயும் தபால் செலவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பரிவர்த்தனை எண்ணை ஒப்பிட்ட பிறகே நோட்டில் டிக். பணம் பெறுவதற்கு 'பின்' எண் தேவையே இல்லை. "பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

பேக்கிங்கின்போது சேலையை மீண்டும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். குண்டூசியை எடுத்துவிட வேண்டும், ஈரம் பட்டால் துருக்கறை விழும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதற்குமேல் கிழியாத கூரியர் பை. நம்பர்ச் சீட்டும் சேலையும் தெரிய, பையை ஒட்டும் வரை ஒரு சிறு வீடியோ எடுத்து வைத்தால் "வேற சேலை வந்திருக்கு" என்ற பேச்சுக்கு அதுவே பதில். ஸ்பீடு போஸ்டில் கட்டணம் 500 கிராமுக்கு மேல் அடுத்த படிக்கு ஏறும். பருத்திச் சேலை பலவும் அரைக் கிலோவை ஒட்டி நிற்பவை. அட்டைப் பெட்டி சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். தராசில் வைத்துப் பார்த்த பிறகே தபால் செலவைச் சொல்லுங்கள்.

பல நேரலைகளில் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். இது எனக்கு ஏற்புடையதல்ல, சட்டத்துக்கும் ஏற்புடையதல்ல. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ காட்டியதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. மனம் மாறியதற்காகத் திருப்புவதை வேண்டாம் என்று சொல்லலாம். வாடிக்கையாளரிடம் பையைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வதும் நியாயமே.

பதினான்கு கிடைக்காமல் போன அந்த இருவரின் பெயரும் நோட்டில் இருக்கிறது. தறியில் அதே பாவு மிச்சமிருந்தால், அதே ஊடையை ஓட்டச் சொல்லி நெசவாளரிடம் கேட்கலாம். ஆனால் சாயம் வேறு தொட்டியில் ஏறியதென்றால் அரக்கு ஒரு சாயல் மாறத்தான் செய்யும். அதனால் அவர்களிடம் முன்பணம் வாங்காமல், நெய்து வந்ததும் தனியாக வீடியோ காலில் காட்டி, பிடித்தால் மட்டும் அனுப்புவதே சரி.