பாசி போக வேண்டும், ஓடு போகக் கூடாது

கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தால் பிரம்மதேசம், மரக்காணம் சுற்று வட்டாரத்தில் ஓட்டு வீடுகளின் மேல் ஆள் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் பிரஷர் வாஷர் குழாய், அல்லது ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைசல், சில வீடுகளில் கழிப்பறை கழுவும் ஆசிட். காலையில் கறுத்துக் கிடந்த கூரை மாலையில் சூளையிலிருந்து இறக்கியதுபோல் சிவந்து நிற்கிறது. வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, வேலைக்கு வந்தவருக்குக் கூலி. அடுத்த ஐப்பசியில் அதே வீட்டில் குண்டான்களை வைத்து ஒழுகும் நீரைப் பிடிக்கிறார்கள். "ஓடு பழசாகிவிட்டது" என்று அப்போது சொல்கிறார்கள். ஓடு பழசாகவில்லை. தை மாதத்தில் நாமே அதைப் பழசாக்கினோம்.

கூரையில் இருப்பது எல்லாம் ஒன்றல்ல. கறுப்பாகச் சாயம் வழிந்ததுபோல் தெரிவது நுண்பாசி. அது ஓட்டின் மேலே படிந்திருப்பதோடு சரி, அதனால் கூரை ஒழுகாது. சாம்பலும் வெளிர்பச்சையுமாகக் காசு காசாக ஒட்டியிருப்பது லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசி இதன் இனம்தான். இது ஓட்டின் நுண்துளைகளுக்குள் இழை விட்டுப் பிடித்திருக்கும், சுரண்டினால் ஓட்டின் தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். மூன்றாவது, பஞ்சுபோல் தடித்து வளரும் பச்சைப் பாசி. வேப்பமரமோ பூவரசோ நிழல் கொடுக்கும் பக்கத்தில், ஓட்டின் மேல் ஓடு ஏறும் இடத்தில் இது குடியேறும். உண்மையில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஓட்டின் வாய்க்காலை அடைக்கும், மேல் ஓட்டைத் தூக்கிவிடும். காற்றோடு அடிக்கும் மழை அந்த இடுக்கு வழியாக ரீப்பருக்கு இறங்கும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில், ஓட்டின் ஏற்றத்தில் விரற்கடை அளவு பாசி இருந்தாலும் வீட்டுக்குள் தண்ணீர்தான்.

குளிர் நாடுகளில் பாசியில் தேங்கிய நீர் உறைந்து ஓட்டை உடைக்கும். நம்மிடம் பனி இல்லை, உப்பு இருக்கிறது. கிழக்கே உப்பளம், அதற்கப்பால் கடல். காற்றோடு வரும் உப்பு ஈர ஓட்டுக்குள் கரைந்து இறங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது துளைக்குள்ளேயே மணியாகிப் பருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இது நடக்க, ஓட்டின் மேல்தோல் பொரிந்து சிவப்பு மாவாக உதிர்கிறது. சூளையில் வெந்தபோது உண்டான அந்த மேல்தோல்தான் இவ்வளவு காலம் உப்பைத் தடுத்து நின்றது. பிரஷர் வாஷர் முதலில் கிழிப்பது அதைத்தான். தோல் போன ஓடு சொரசொரப்பாகி, கூடுதலாக நீர் குடித்து, அடுத்த மழைக்கு முன்பைவிட வேகமாகப் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வேலை முடிந்தபின் அது ஓட்டுக்குள் விட்டுப்போவது ஈரத்தை இழுக்கும் உப்பு. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கூரைக்குக் கையாலேயே உப்பிடுகிறோம். ஆசிட்டோ முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சுண்ணாம்புச் சாந்தையும் சிமெண்டையும் அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஆசிட்டைக் கலக்காதீர்கள். "இரண்டும் சேர்ந்தால் நன்றாக எடுக்கும்" என்று யார் சொன்னாலும் கலக்காதீர்கள். உடனே கிளம்புவது குளோரின் வாயு, நுரையீரலைப் பொசுக்கும். கூரையில் நிற்பவருக்குத் தலைசுற்றினால் அவர் விழும் இடம் தரை.

ஏறுவதற்கு முன் ஓடு தாங்குமா என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டுகிறதா? விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கிறதா, அல்லது சொத்தென்று அடங்குகிறதா? இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் இறவாணத்திலிருந்து ஒரு ஓட்டைக் கழற்றி நன்றாக வெயிலில் காய வைத்து, மளிகைக் கடைத் தராசில் எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி போடுங்கள். காய்ந்தபோது 2 கிலோ 400 கிராம், ஊறியபின் 2 கிலோ 800 என்றால் 400 கிராம் நீர் குடித்திருக்கிறது, எடையில் ஆறில் ஒரு பங்கு. இது தாங்கும் ஓடு. ஊறியபின் 3 கிலோ காட்டினால் கால் பங்கு குடித்துவிட்டது. அந்த ஓட்டைக் கழுவுவது வீண், மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் மரக்கிளையை வெட்டிக் கூரைக்கு வெயில் விடுங்கள். தடித்த பாசியை மூங்கில் சிம்பால் மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். இரும்புக் கரண்டியும் கம்பி பிரஷும் வேண்டாம். பிறகு பாசி கொல்லும் மருந்து. இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் கிருமிநாசினியாக விற்கும் பென்சால்கோனியம் குளோரைடு போதும், அந்தப் பண்ணைப் பொருட்களை விற்கும் கடைகளில் கேளுங்கள். லேபிளில் 50 சதவீதம் என்று இருந்தால் 15 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, 80 சதவீதம் என்று இருந்தால் 190 மில்லி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் கலக்க வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானை நன்கு கழுவிப் பயன்படுத்தலாம். நானூறு சதுர அடி, அதாவது ஏறக்குறைய அறுநூறு மங்களூர் ஓடு உள்ள கூரைக்கு ஒரு தெளிப்பான் நிறைய மருந்து போதும். ஓடு காய்ந்திருக்கும் மாலை நேரத்தில், அடுத்த ஒரு நாளாவது மழை வராது என்று தெரிந்தபின், வழிந்தோடாமல் நனையும் அளவுக்கு மட்டும் அடியுங்கள்.

அடித்தாயிற்றா, இறங்கிவிடுங்கள். தேய்க்காதீர்கள். மறுநாள் எதுவும் மாறியிருக்காது. "மருந்து போலி" என்று இன்னொரு முறை அடிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பாசி பழுத்துக் காய்ந்துவிடும், அப்போது தென்னை நார் பிரஷால் மேலிருந்து கீழாகத் தள்ளினால் போகும். லைக்கன் பல மாதம் எடுத்துக்கொள்ளும். செத்தபின் காற்றும் மழையும் அதைத் தானாக உதிர்க்கும், சுரண்ட வேண்டியதில்லை. கறுப்புக் கறையை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

இந்த மருந்து மீனுக்கு நஞ்சு. கூரை நீர் மழைநீர்த் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும் குழாயை முதல் நாளே கழற்றிவிடுங்கள், அடுத்த இரண்டு நல்ல மழை வெளியே போகட்டும். குளத்திலும் ஓடையிலும் இறங்க விடக் கூடாது. நம் பக்கத்து நீர் கடைசியில் சேரும் கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம், 2024 முதல் ராம்சர் ஈரநிலம்.

இரண்டு கூரைகளுக்கு வேறு விதி. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் தார் ஷிங்கிள் போட்டிருந்தால் பிரஷர் வாஷர் அதன் மேலுள்ள கல்மணிகளைப் பறித்துவிடும், அந்த மணிகள்தான் தாரை வெயிலிலிருந்து காக்கின்றன. வீட்டுக்கு உபயோகிக்கும் திரவ பிளீச்சையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, சாதாரணக் குழாய் நீரில் கழுவ அமெரிக்க ஷிங்கிள் உற்பத்தியாளர் சங்கம் சொல்கிறது. ஓட்டுக்கு வேண்டாம் என்ற பிளீச் அங்கே ஆகும், ஏனெனில் தார் நீர் குடிக்காது. மற்றது கல்நார் ஷீட். அதைத் தேய்க்கவே கூடாது, பிரஷர் வாஷரும் கூடாது. பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் கொண்டுவரும். மருந்தை மட்டும் அடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

ஏறுவதற்கு முன் மின்கம்பி. மெயின் சுவிட்சை அணைத்தாலும் கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். கூரையைத் தொட்டுக்கொண்டு போகும் அந்தக் கம்பியும், நனைந்த ஓடும், அலுமினிய ஏணியும் சேர்ந்தால் உயிர் போகும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அன்றைக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். "ஆள் இல்லை, நாளைக்கு வா" என்றால் மின்னகத்தில், 94987 94987, புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியைத் துண்டிக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஓட்டின் மேல் நேராக நிற்கக் கூடாது, முகட்டில் கொக்கி மாட்டிய மூங்கில் ஏணியைப் படுக்கவைத்து அதன் மேல்தான் ஆள் நகர வேண்டும்.

வேலையை வெளி ஆளிடம் விட்டு ஓடு போய்விட்டால் என்ன செய்வது? பலரும் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள், எங்கே போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போக வேண்டிய இடம் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம். வேலை எடுத்தவர் புதுச்சேரிக்காரரோ சென்னைக்காரரோ, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஆனால் தாள் வேண்டும். இந்த இடத்தில்தான் நம் மக்கள் கோட்டை விடுகிறார்கள். வேலை தொடங்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எத்தனை சதுர அடி, என்ன மருந்து, பிரஷர் வாஷர் பயன்படுத்தக் கூடாது, உடையும் ஓடு யார் செலவு, மொத்தத் தொகை எவ்வளவு. பில் கேளுங்கள். பில் தராதவரிடம் ரொக்கம் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் "ஓட்டுக் கூரை சுத்தம்" என்று எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். ஒழுகினால் சேதமான ஓட்டில் நான்கைந்தைக் கழற்றிக் காயவைத்து, எடை போட்டு எழுதி, பத்திரப்படுத்துங்கள். இன்னொரு கொத்தனாரிடம் பழுதுக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் புகார் மனு, பிரமாணப் பத்திரம், இந்தத் தாள்களின் நகல் எல்லாவற்றையும் ஆணையத்தில் நேரில் கொடுக்கலாம், e-jagriti.gov.in தளத்திலும் பதியலாம். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காலக்கெடு இரண்டு ஆண்டு. ஐப்பசியில் ஒழுகியதை அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பில்லும் நோட்டீஸ் நகலும் ஒப்புகையும் ஒரே உறையில் இருக்கட்டும், அந்த உறையைக் கூரை ஒழுகாத அறையில் வையுங்கள்.