கார்டு டிக்ளைன் ஆயிட்டா சந்தா தானா கேன்சல் ஆயிடுமா?

"ஃப்ரீ டிரையல் முடியுற அன்னைக்கு அக்கவுண்ட்ல பேலன்ஸ் இல்லாம பார்த்துக்கிட்டா போதும், அதுவே கட் ஆயிடும்." இப்படி நம்பித்தான் நிறைய பேர் டிரையலை மறந்துடுறாங்க. ஆனா கார்டு டிக்ளைன் ஆவது வேற, சந்தா கேன்சல் ஆவது வேற. ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

டிரையல் ஆரம்பிக்கும்போதே என்ன நடக்குது?

ஜூன் 3-ம் தேதி ஒரு ஆப்ல 14 நாள் டிரையல் எடுக்கிறீங்க. அப்புறம் மாசம் ₹499. சம்பள அக்கவுண்ட்டோட டெபிட் கார்டைக் கொடுத்து ஓடிபி போடுறீங்க. அந்த ஓடிபி கார்டைச் சரிபார்க்க மட்டும் இல்லை. "இனிமேல் மாசாமாசம் எடுத்துக்கோ"ன்னு நீங்க கொடுக்கிற அனுமதியும் அதுதான். இதுக்குப் பேர் இ-மேண்டேட். ரிசர்வ் வங்கி விதிப்படி ₹15,000 வரைக்கும் அடுத்தடுத்த கட்டணங்களுக்கு மறுபடி ஓடிபி தேவையில்லை. அதுக்குப் பதிலா, பணம் எடுக்கிறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பணும். யார் எடுக்கிறாங்க, எவ்வளவு, எந்தத் தேதின்னு அதுல இருக்கும். வேண்டாம்னு சொல்ற வழியும் இருக்கும்.

17-ம் தேதி டிக்ளைன். அப்புறம்?

16-ம் தேதி அந்த மெசேஜ் வருது, நீங்க கவனிக்கலை. 17-ம் தேதி அக்கவுண்ட்ல இருக்கிறது ₹180 தான். கட்டணம் டிக்ளைன் ஆகுது.

இந்த இடத்துல பெரும்பாலான கம்பெனிகள் உங்க சந்தாவை மூடுறதில்லை. "பணம் வரவேண்டியது" அப்படிங்கிற நிலைக்கு மாத்தி, சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முயற்சி பண்றாங்க. உதாரணத்துக்கு, நிறைய ஆப்கள் பயன்படுத்துற ஸ்ட்ரைப் பில்லிங் தளம், 2 வாரத்துக்குள்ள 8 முறை முயற்சி பண்ணச் சொல்லி பரிந்துரைக்குது. கம்பெனி இதை மாத்திக்கலாம்.

இப்ப ஜூன் 30-ம் தேதி உங்க சம்பளம் ஏறுது. டிரையல் முடிஞ்சு 13 நாள்தான் ஆகியிருக்கு. அன்னைக்கு ஒரு முயற்சி நடந்தா ₹499 போயிடும். "நான் அந்த ஆப்பையே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேனே"ன்னு சொன்னாலும் பயன் இல்லை. ஆப்பை நீக்கினது அவங்க பில்லிங் கணக்குக்குத் தெரியாது.

எந்த நாளுக்கான பணம் அது?

இங்கதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம். டிக்ளைன் ஆன பிறகும் ஆப் வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா, அது சலுகைக் காலம். அதுக்குள்ள பணம் போனா பில்லிங் தேதி மாறாது. ஜூன் 30-ல் கட்டினாலும் ஜூலை 17-ல் அடுத்த ₹499 வரும். ஆப்பை நிறுத்தி வெச்சிருந்தா கூகுள் பிளேயில் கதை வேற: பணம் கட்டின நாள்ல இருந்து புது மாசம் தொடங்கும். ஆகவே அடுத்த தேதி என்னன்னு சந்தா பக்கத்துல பார்த்துடுங்க.

இது கடனா? சிபில் பாதிக்குமா?

மாசக் கட்டணச் சந்தாவுல, எல்லா முயற்சியும் தோத்துட்டா பொதுவா சேவையை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான். ஆப் கம்பெனி உங்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் இல்லை. அதனால இந்த டிக்ளைன் உங்க சிபில் ரிப்போர்ட்டுக்குப் போகாது. ஆனா "ஒரு வருஷ ஒப்பந்தம், மாசத் தவணையில் கட்டலாம்" மாதிரி பிளானா இருந்தா கவனம். அங்க நீங்க ஒத்துக்கிட்டது முழு வருஷத்துக்கு. பணம் போகலைன்னாலும் பாக்கின்னு கேட்க அவங்களுக்கு இடம் இருக்கு. டிரையல் பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கிற வரியில இதைத்தான் தேடணும்.

சரி, என்ன பண்ணணும்?

முதல்ல ஆப் அல்லது பிளே ஸ்டோரோட சந்தா பக்கத்துக்குப் போங்க. `Past due`, `On hold`, `Payment failed` இதுல எது இருந்தாலும் சந்தா இன்னும் உயிரோட இருக்கு. `Canceled`-னு வர்ற வரைக்கும் விடாதீங்க. அந்த உறுதி மின்னஞ்சலைப் பத்திரமா வையுங்க.

ரெண்டாவதா, வங்கி ஆப்ல கார்டுக்கான இ-மேண்டேட் பட்டியலைத் திறந்து அந்தக் கம்பெனி பேரை ரத்து பண்ணுங்க. வரிசை முக்கியம். மேண்டேட்டை மட்டும் ரத்து பண்ணினா பணம் போறது நிக்கும், ஆனா கம்பெனி கணக்குல சந்தா அப்படியே இருக்கும். சந்தாவை முதல்ல மூடினாதான் அடுத்த பில்லே உருவாகாது.

உங்க கார்டுல எத்தனை மேண்டேட் ஓடிக்கிட்டு இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!